கடைக்கணக்குத் தொழிலுக்கு வேண்டிய அத்தாட்சிகள்

மைசூரைச் சார்ந்த ராமாபுரத்தில், நாலைந்து மளிகைக் கடைகள், ஒரு மருந்துக் கடை, ஒரு பேக்கரி, ஒரு இரும்புச் சாமான் கடை ஆகியவற்றின் கணக்குகளை மாதச் சம்பளத்துக்கல்லாமல் கட்டணத்துக்கு எழுதிக் கொடுத்து, அதையே ஜீவனோபாயமாகக் கொள்ள நீங்கள் தீர்மானித்திருப்பீர்களானால், எந்த அத்தாட்சிப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியே உங்கள் முன் முதலில் நிற்கும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கு விடை சொல்வதோடு, அத்தாட்சி எதைக் கற்பிக்கிறது, எதைக் கற்பிக்காமல் விட்டுவிடுகிறது, விட்டதை நீங்களே எவ்வாறு பயின்றுகொள்ளலாம் என்பதையும் ஒரு கடையின் ஒரு நாள் கணக்கைக் கொண்டு விளக்குகிறது.

இந்த மாநிலத்தில் ஏன் இந்த வரிசை

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறையினர், யுபிஐ வழியாகக் கடைக்காரர்களுக்கு வந்து சேர்ந்த தொகைகளை ஆண்டுவாரியாகக் கூட்டிப் பார்த்து, சரக்கு விற்பவர்க்கு 40 லட்சம், சேவை செய்பவர்க்கு 20 லட்சம் என்னும் வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்ளாதவர்களுக்கு ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு, நான்கு ஆண்டுகளில் யுபிஐ மூலம் வந்த ஒரு கோடியே அறுபத்துமூன்று லட்சத்தைக் காட்டி, ஏறத்தாழ 29 லட்சம் ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்த செய்தி பத்திரிகைகளில் பரவலாக வெளிவந்தது. வியாபாரிகள் கிளர்ச்சிக்கு ஆயத்தமான பிறகு, அந்த மாதத்திலேயே முதலமைச்சர் அவர்களைச் சந்தித்து, பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று அறிவித்தார்.

பதப்படுத்தப்படாத பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது. வரிவிலக்குள்ள பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்துகொள்ளவும் தேவையில்லை. ஆயினும் அதை நோட்டீசுக்குப் பதிலாக எடுத்துக்காட்ட, என்ன விற்றோம், எவ்வளவு விற்றோம், வந்த பணத்தில் விற்பனையல்லாதது எவ்வளவு என்பதற்குப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தை எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் தொழிலின் மையம். ஆகையால் மென்பொருளை இயக்கத் தெரிந்தவர் என்று சொல்லும் அத்தாட்சியை முதலாவதாக அல்லாமல் இரண்டாவதாக வைத்துக்கொள்ளும்படி ஆலோசனை கூறுகிறேன்.

மூன்று அத்தாட்சிகள், மூன்று அதிகாரங்கள்

1. கணக்குப் பதிவியல் அறிவுக்கான அத்தாட்சி. பிளஸ் டூ அல்லது பி.யூ.சி.யில் வணிகவியல் படித்தவர்க்கு இது ஏற்கெனவே இருக்கிறது என்று கொள்ளலாம். படிக்காதவர்களுக்கு, இந்திய காஸ்ட் அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்தும் கேட் என்னும் அக்கவுண்டிங் டெக்னீஷியன் படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் பரீட்சை எழுத வசதியிருப்பவர்கள் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கணக்கியல் இளநிலை, முதுநிலைப் பரீட்சைகளை எழுதலாம். இவற்றில் எதுவானாலும், நாள்வழியிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து இருப்பாய்வு, அதிலிருந்து லாபநஷ்டக் கணக்கும் ஐந்தொகையும் என்ற வரிசையைக் கையால் எழுதிப் பழகியிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

2. மென்பொருள் தேர்ச்சிக்கான அத்தாட்சி. நமது வட்டாரக் கடைகளிலும் அவற்றின் ஆடிட்டர் அலுவலகங்களிலும் பெரும்பாலும் பழக்கத்திலிருப்பது டாலி. பாரத் கோயங்காவும் அவர் தந்தையாரும் 1986இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம் பெங்களூரிலேயே இருக்கிறது. அதன் கல்விக் கிளையான டாலி எஜுகேஷன், டாலி எசென்ஷியல், டாலிபுரோ, டாலிகுரு என்ற பெயர்களில் படிப்படியாக அத்தாட்சி வழங்குகிறது. கடைக்கணக்குக்கு எசென்ஷியலில் ஜிஎஸ்டி வரையிலான பாகமே முதலாண்டில் போதுமானது. சம்பளப் பட்டியலும் மூலவரிப் பிடித்தமும் பெரிய ஸ்தாபனங்கள் உங்களிடம் வரும்போது தேவைப்படும். மருந்துக் கடைகளை மட்டுமே நம்பித் தொழில் தொடங்குபவர், தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் கையாளும் மார்க் மென்பொருளையும் தெரிந்துகொள்வது நலம்.

3. ஜிஎஸ்டி பிராக்டிஷனர் பதிவு. மற்றொருவருடைய ஜிஎஸ்டி அறிக்கையை உங்கள் சொந்தப் பெயரில் அதிகாரபூர்வமாகத் தாக்கல் செய்ய உரிமை தருவது இது ஒன்றே. வணிகவியல், சட்டம், வங்கியியல், வணிக நிர்வாகம் இவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றவர்கள் பிசிடி-01 என்ற விண்ணப்பத்தின் மூலம் போர்ட்டலில் பதிவு செய்துகொண்டு, இரண்டாண்டுகளுக்குள் நாசின் நடத்தும் பரீட்சையில் தேற வேண்டும். அது நூறு கேள்விகள், இருநூறு மதிப்பெண் கொண்டது. பாதி மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி. பட்டம் இல்லாதவர்கள் மைசூரிலேயே இருக்கும் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாக பி.காம் படிக்கலாம்; அது முடியும் வரையில் புத்தகங்களை எழுதி, அறிக்கைத் தாக்கலைப் பதிவு பெற்ற பிராக்டிஷனரிடமோ ஆடிட்டரிடமோ ஒப்படைக்கலாம்.

முதலாவது கணக்கை அறிந்துகொள்ளும் வழி, இரண்டாவது அதை இயந்திரத்தில் ஏற்றும் வழி, மூன்றாவது அரசாங்கத்தின் முன் நிற்கும் உரிமை. முதலிரண்டு அத்தாட்சிகளும் எந்தச் சட்டத்தாலும் கட்டாயமாக்கப்பட்டவையல்ல. அவற்றைப் பெறாமல் ஒருவர் கணக்கெழுதினால் குற்றமுமில்லை. ஆனால் எந்த அத்தாட்சியுமே உங்களைத் தணிக்கையாளராக ஆக்காது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: பலகையில் எழுதும் பெயர்

ஊரில் கணக்கெழுதுகிறவர் எல்லோரையும் ‘ஆடிட்டர்’ என்றே அழைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. வாயால் அழைப்பவர்களைத் தடுக்க முடியாது. எனினும் பெயர்ப்பலகையிலும் ரசீதிலும் முத்திரையிலும் அந்தச் சொல்லை நீங்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் அல்லாதவர் தம்மை அவ்வாறு காட்டிக்கொள்வதை 1949ஆம் வருஷத்துச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. வருமான வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் அதிகாரமும் அவர்களுக்கே உண்டு. ‘கணக்குப் பதிவு, ஜிஎஸ்டி உதவி’ என்று எழுதுங்கள்; ‘ஜிஎஸ்டி பிராக்டிஷனர்’ என்பதைப் பதிவு கிடைத்த பிறகு சேருங்கள்.

பணம் கட்டுமுன் பயிற்சி நிலையத்தில் கேட்க வேண்டியவை

1. பரீட்சையை நடத்துபவர் யார்? நிலையமே அச்சடித்துக் கொடுக்கும் பத்திரத்துக்கும், டாலி எஜுகேஷன் தன் பெயரில் பரீட்சை நடத்தித் தரும் அத்தாட்சிக்கும் மதிப்பில் வித்தியாசம் உண்டு. முந்தையது தவறல்ல; ஆனால் அதற்குப் பிந்தையதன் கட்டணத்தைக் கொடுக்க வேண்டாம். பரீட்சைக் கட்டணமும் மறுபரீட்சைக் கட்டணமும் அதில் அடக்கமா என்றும் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

2. பாடத்திலுள்ள வரிவிகிதங்கள் எந்தத் தேதிக்குரியவை? 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவிகித அடுக்குகளில் இருந்த பொருள்களில் பெரும்பான்மையானவை 5, 18 ஆகிய அடுக்குகளுக்கு மாற்றப்பட்டுவிட்டன. மாதிரிப் பில்லில் இன்னும் 12 சதவிகிதத்தையே வைத்துக் கணக்குப் போடும் நிலையம், தன் பாடத்தைத் திருத்தவில்லை என்று கொள்ளலாம்.

3. வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதும், ஜிஎஸ்டிஆர்-2பியோடு கொள்முதலை ஒப்பிடுவதும் பாடத்தில் உண்டா? புனைபெயர் கொண்ட ஒரு கம்பெனிக்கு இருபது கொள்முதல், இருபது விற்பனை பதிவு செய்தவுடன் முடிந்துவிடும் பாடம் உங்களுக்குப் பயன்படாது. கடைக்கணக்கில் காலத்தை விழுங்குவது பதிவு செய்வதல்ல, ஒத்துப்பார்ப்பது.

உதவிக் குறிப்பு: கிராமப்புறத்து இளைஞர்களுக்கு இலவசமாகத் தொழிற்பயிற்சி அளிக்கும் ருட்செட்டி நிலையம் மைசூரில் இருக்கிறது. கணக்கு மென்பொருள் வகுப்பு இந்த வருஷ அட்டவணையில் உண்டா என்று அங்கே விசாரித்த பிறகு, கட்டணம் வாங்கும் நிலையத்தை நாடுங்கள்.

இலவசப் பதிப்பில் பயிலும் முறை

டாலிபிரைமை உரிமம் வாங்காமல் கல்விப் பதிப்பாக இறக்கிப் பயிலலாம். அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு ஏற்கப்படும். பயில்கிறவர்கள் பலர் மாதம் முழுவதற்குமான பதிவுகளை இந்த மூன்று தேதிகளிலும் திணித்துவிட்டு, பிறகு கல்லா இருப்பு ஏன் தாறுமாறாகத் தெரிகிறது என்று திகைக்கிறார்கள். அதற்குப் பதிலாக, 31 நாள் கொண்ட ஒரு மாதத்தைத் தேர்ந்து, தெரிந்த கடைக்காரர் ஒருவருடைய சம்மதத்தோடு, அந்த மூன்று நாள்களுக்கு மட்டுமான சிட்டைகளையும் பில்களையும் வாங்கி, ஒரு நாள் வரவு செலவை முழுமையாக அந்த ஒரு நாளிலேயே பதியுங்கள். மூன்று மெய்யான நாள்கள் முப்பது கற்பனை நாள்களைவிட அதிகமாகக் கற்பிக்கும்.

திருட்டுத்தனமாக உரிமத்தை உடைத்த பதிப்பைச் சிலர் பென் டிரைவில் கொண்டுவந்து தருவார்கள். அதை ஏற்காதீர்கள், அதில் எழுதிய கணக்கு புதிய பதிப்புக்கு மாற மறுக்கும் அபாயமும், கூடவே வரும் கேடு உங்கள் வாடிக்கையாளர் அனைவரின் கோப்புகளையும் ஒரே நாளில் பூட்டிவிடும் அபாயமும் உண்டு.

ஒரு நாளைய கணக்கு: படிப்படியாக

ராமாபுரத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் கல்லாவில் ₹4,200 இருந்தது. அன்றைய விற்பனையில் ரொக்கமாக ₹11,350, யுபிஐ மூலம் ₹9,640, கடனாக ₹1,860. பழைய கடன் பாக்கியில் ரொக்கம் ₹1,200, யுபிஐயில் ₹800 வசூலாயிற்று. பால்காரருக்கு ₹3,400, வண்டிக்கூலி ₹250, கடைக்காரர் வீட்டுச் செலவுக்கு எடுத்தது ₹2,000, வங்கியில் செலுத்தியது ₹6,000. இதற்கிடையில் கடைக்காரரின் மைத்துனர் ஊரிலிருந்து ₹5,000த்தைக் கடையின் கியூஆர் அட்டைக்கே அனுப்பிவிட்டார்.

1. முதலில் பெயர்களை உண்டாக்குங்கள். கியூஆர் வசூல் பெரும்பாலும் மறுநாள் மொத்தமாக வங்கிக்கு வருவதால், அதை நேராக வங்கியில் பதியாமல், `Current Assets` என்ற பிரிவின் கீழ் ‘யுபிஐ வரவேண்டியது’ என்றொரு பெயரை வையுங்கள். கடன்காரர்கள் `Sundry Debtors` கீழும், வீட்டுச் செலவு `Capital Account` கீழும் இருக்கட்டும். ஒரே ஆளின் பெயரை மூன்று விதமாக எழுதி மூன்று கணக்குகளை உண்டாக்கிவிடுவது மிகச் சாதாரணமான பிழை. பெயரோடு தெருவையும் சேர்த்து ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

2. F8 அழுத்தி விற்பனையை மூன்று பதிவுகளாக எழுதுங்கள்: ரொக்கம் ₹11,350, யுபிஐ வரவேண்டியது ₹9,640, கடன்காரர் ₹1,860. மொத்த விற்பனை ₹22,850.

3. பழைய பாக்கி வசூலில் ரொக்கத்தை F6 கொண்டு வரவாகவும், யுபிஐயில் வந்ததை F7 கொண்டு ‘யுபிஐ வரவேண்டியது’ கணக்கிலும் எழுதுங்கள். இதை விற்பனையில் சேர்த்துவிட்டால், கடன் கொடுத்த நாளில் ஒரு முறையும் வசூலான நாளில் மறுமுறையுமாக ஒரே விற்பனை இருமுறை ஏறும். கடைக்காரர் கல்லாவை எண்ணிச் சொல்லும் ‘இன்றைய வியாபாரம்’ என்ற தொகையில் இந்தக் கலப்பு ஏறத்தாழ எப்போதும் இருக்கும். ஆகையால் அதை விசாரியாமல் பதியாதீர்கள்.

4. மைத்துனர் அனுப்பிய ₹5,000த்தையும் F7 மூலமே எழுதி, கடைக்காரரின் சொந்த முதலில் சேருங்கள். திருப்பித் தர வேண்டிய கைமாற்றாக இருந்தால் கடனாக எழுத வேண்டும். எதுவென்று அன்றே கேட்டு, ஒரு வரியில் காரணத்தையும் குறித்துவையுங்கள். மூன்றாண்டுகள் கழித்து நோட்டீஸ் வரும்போது இந்த ஒரு வரியே சாட்சி.

5. பால், கூலி, வீட்டுச் செலவு மூன்றையும் F5 கொண்டும், வங்கியில் செலுத்திய ₹6,000த்தை F4 கொண்டும் எழுதுங்கள். வீட்டுச் செலவைக் கடைச் செலவில் சேர்ப்பது லாபத்தைக் குறைத்துக் காட்டும். அது கடைக்காரர் கேட்டுக்கொண்டாலும் செய்யத் தகாதது.

6. இருப்பைச் சரிபாருங்கள். 4,200, 11,350, 1,200 ஆகியவற்றைக் கூட்டினால் 16,750. வெளியே போனது 11,650. புத்தகப்படி கல்லாவில் இருக்க வேண்டியது ₹5,100. எண்ணிப் பார்க்கையில் ₹5,020 மட்டுமே இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எண்பது ரூபாயைச் சரிக்கட்டுவதற்காக விற்பனைத் தொகையைக் குறைக்கக் கூடாது. காரணம் கிடைத்தால் அதன்படி எழுதுங்கள். கிடைக்காவிட்டால் ‘கல்லா வித்தியாசம்’ என்ற செலவுக் கணக்கில் வெளிப்படையாகப் போடுங்கள். மாத முடிவில் அந்தக் கணக்கைப் பார்த்தாலே, கடையில் மறதியா வேறொன்றா என்பது கடைக்காரருக்குப் புலப்படும்.

7. மறுநாள் வங்கிக்கு ₹15,440 மொத்தமாக வந்தவுடன், F6 கொண்டு ‘யுபிஐ வரவேண்டியது’ கணக்கை நேர்செய்யுங்கள். 9,640, 800, 5,000 சேர்ந்தால் 15,440. கணக்கு பூஜ்யமாக வேண்டும். ஆகவில்லையென்றால், ஒரு விற்பனை விட்டுப்போயிருக்கிறது, அல்லது வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பியதாகக் காட்டிய பணம் வந்து சேரவேயில்லை.

இப்போது இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். கைப்பேசி காட்டும் யுபிஐ வரவு ₹15,440. அதில் விற்பனை ₹9,640 மட்டுமே. ஆனால் கடையின் உண்மையான விற்பனை ₹22,850. வருஷத்தில் 360 நாள் கடை திறந்திருப்பதாகக் கொண்டால், யுபிஐ விற்பனை மாத்திரம் சுமார் 34 லட்சத்து 70 ஆயிரம். வரம்புக்குள் இருப்பதாகக் கடைக்காரர் நிம்மதியடைவார். மொத்த விற்பனையோ 82 லட்சத்தைத் தாண்டுகிறது. வரிக்குரிய பொருளும் விற்கும் கடையாகையால் அவர் பதிவு செய்தே தீர வேண்டும். யுபிஐயை நிறுத்திவிட்டு ரொக்கம் மட்டும் வாங்குங்கள் என்று அவருக்கு யாரேனும் ஆலோசனை சொன்னால், அது வரம்பை ஒரு ரூபாய்கூட மாற்றாது என்பதை இந்தக் கணக்கையே காட்டி எடுத்துரையுங்கள்.

வரிக்குரியதையும் விலக்கையும் பிரித்தல்

அன்றைய 22,850இல் உதிரியாக நிறுத்துக் கொடுத்த அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவை ₹7,850 என்றும், மற்றவை ₹15,000 என்றும் கொள்வோம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையில் முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்கப்படும் அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவிகித வரி உண்டு; மூட்டையிலிருந்து அளந்து கொடுப்பதற்கு இல்லை. ஆகவே ஒரே அரிசி ஒரே கடையில் இரு வகையாக ஏறும். மென்பொருளில் ‘அரிசி உதிரி’, ‘அரிசி பொட்டலம்’ என்று இரண்டு சரக்குப் பெயர்களைத் தொடக்கத்திலேயே வைத்துவிடாதவர்கள், வருஷ முடிவில் குத்துமதிப்பாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இக்கடை காம்பொசிஷன் முறையைத் தேர்ந்தால், விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பதால் தகுதியுண்டு. வரிக்குரிய விற்பனையில் ஒரு சதவிகிதம், அதாவது நாளொன்றுக்கு ₹150, தொண்ணூறு நாள் கொண்ட காலாண்டுக்கு ₹13,500 கட்ட வேண்டியிருக்கும். பதிலுக்கு, வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது; வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. பிரித்து எழுதாமல் முழு 22,850க்கும் கட்டிவிட்டால், காலாண்டில் ஏழாயிரத்துக்கு மேல் அவர் வீணாகக் கொடுத்தவராவார். உங்கள் கட்டணம் நியாயமானது என்பதைக் கடைக்காரருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடிக்கடி நேரும் பிழைகளும் அவற்றை அறியும் வழியும்

ராமாபுரத்துக் கடைக்கு மஞ்சளும் ஜவுளியும் ஈரோட்டிலிருந்து வரலாம். விற்பவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்று தொடங்கினால் கர்நாடகம். ஈரோட்டு வியாபாரியின் பெயரை உண்டாக்கும்போது மாநிலத்தைக் கர்நாடகம் என்றே விட்டுவிட்டால், மென்பொருள் ஐஜிஎஸ்டிக்குப் பதில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகப் பிரித்துவிடும். பில்லின் மொத்தத் தொகை மாறாது என்பதால் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. சாதாரண முறையில் பதிவு பெற்ற கடைகளுக்கு, மாதம் 14ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பியோடு ஒவ்வொரு பில்லையும் வரித்தலைப்புவாரியாக ஒப்பிடுவதே இதைப் பிடிக்கும் வழி.

மற்றொன்று, கல்லா இருப்பு ஏதோ ஒரு நாளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது. இல்லாத பணத்தை எவரும் செலவழிக்க முடியாதாகையால், அது விட்டுப்போன வரவையோ தப்பான தேதியையோ நிச்சயமாகக் காட்டுகிறது. மாத இறுதியில் மட்டும் பார்த்தால் இருப்பு சரியாகவே இருக்கும். ஆகவே ரொக்கக் கணக்கை நாள்வாரியாகத் திறந்து, ஒவ்வொரு நாளின் முடிவிருப்பையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, இருப்பாய்வின் அடியில் `Difference in opening balances` என்று ஒரு வரி தோன்றுவது. மென்பொருளே கணக்கைச் சமன்செய்து காட்டுவதால் பலர் இதைக் கவனியாமல் விடுகிறார்கள். கடையின் பழைய சரக்கிருப்பையும் கடன்பாக்கிகளையும் ஏற்றிவிட்டு, அதற்கு எதிர்ப்புறமான முதலை ஏற்ற மறந்ததே பெரும்பாலும் காரணம். கையால் பேரேடு எழுதிப் பழகியவர்க்கு இது கணத்தில் விளங்கும். முதலாவது அத்தாட்சியை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பு: பிறர் பணமும் பிறர் சாவியும்

1. ஜிஎஸ்டி பதிவில் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் கடைக்காரருடையவையாகவே இருக்கட்டும். வசதிக்காகத் தம் எண்ணைக் கொடுத்துவிடும் பழக்கம் கணக்கர்களிடையே இருக்கிறது. நோட்டீஸ் அவர்களுக்கே போய்ச் சேர்ந்து, கடைக்காரர் அறியாமலே பதில் சொல்லும் கெடு முடிந்துவிடுகிறது.

2. வரிப்பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். சலானை உண்டாக்கிக் கொடுத்து, கடைக்காரரே அவர் வங்கியிலிருந்து செலுத்தும்படி செய்யுங்கள். உங்கள் கட்டணத்துக்குத் தனி ரசீது கொடுங்கள்.

3. தாமதக் கட்டணம் யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிஆர்-3பி தாமதமானால் நாளொன்றுக்கு ₹50, கட்ட வேண்டிய வரியே இல்லாத வெற்று அறிக்கையானால் ₹20. கடைக்காரர் மாதம் 5ஆம் தேதிக்குள் பில்களைத் தராவிட்டால் கட்டணம் அவருடையது, தந்தும் நீங்கள் தாமதித்தால் உங்களுடையது என்ற ஏற்பாடு இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும்.

4. ஒவ்வொரு கடைக்கும் தனிக் கம்பெனி, தனிக் கடவுச்சொல், வாரம் ஒரு முறை பிரதி. ஒரு பிரதி உங்களிடமும் மற்றொன்று கடைக்காரரிடமும் இருக்கட்டும். ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்து ஆண்டறிக்கையின் கெடுத்தேதியிலிருந்து 72 மாதங்கள் புத்தகங்களைப் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்தக் கடமை கடைக்காரருடையது, கணினி பழுதானதைக் காரணமாக அவர் சொல்ல முடியாது.

5. வாடிக்கையாளர் வேறொருவரிடம் போக விரும்பினால், கட்டண பாக்கி இருந்தாலும், கணக்கின் பிரதியையும் அசல் பில்களையும் நிறுத்திவைக்காமல் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். பட்டியலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே போர்ட்டல் கடவுச்சொல்லை அவர் மாற்றிவிட்டாரா என்று உங்கள் முன்னிலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.